182 + 183 = 365. அப்புறம் எப்படி ஒருத்தர் ரெண்டு நாட்டில் ரெசிடென்ட்?

பீளமேட்டான் | 12 ஜூன் 2024

இந்தியாவில் ஒரு ஆண்டில் 182 நாள் இருந்தால் வருமான வரிக்கு ரெசிடென்ட். இங்கிலாந்தில் 183 நாள். கூட்டினால் 365. நடுவில் விமானத்தில் போகிற நாளையும் கழித்தால், ஒரே ஆண்டில் ஒரே ஆள் ரெண்டு பக்கமும் ரெசிடென்ட் ஆகவே முடியாது. ஆனால் என் ஆபீசில் ஒருத்தர், ரெண்டு நாட்டிலும் தன்னை ரெசிடென்ட் என்று எழுதச் சொல்கிறார்கள் என்று ஒரு வாரமாகப் புலம்புகிறார். யாரோ அவருக்குத் தப்பாக ஃபைல் பண்ணியிருக்கிறார்கள் என்கிறேன் நான். சரிதானே?

ஹாரோவாசி | 12 ஜூன் 2024, இரவு

இல்லைங்க. போன வருஷம் எனக்கே அப்படி ஆனது.

2011-ல் லண்டன் வந்தேன். இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான். 2023 செப்டம்பரில் கோவையில் அப்பாவுக்குப் பக்கவாதம். 19-ம் தேதி மதியம் ஹீத்ரோவில் ஏறி 20-ம் தேதி விடிகாலை சென்னையில் இறங்கினேன். ஒரு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று போனவன், டிசம்பரில் பத்து நாள் மனைவி மகளைப் பார்த்துவிட்டு வந்ததைத் தவிர, இந்த வாரம் வரை அங்கேதான் இருந்தேன். மகளுக்கு ஜிசிஎஸ்இ தேர்வு, அதனால் அவர்கள் ஹாரோ வீட்டை விட்டு நகரவில்லை. முதல் மாதம் விடுப்பு. அதன் பிறகு ஆபீஸ் அனுமதியோடு லேப்டாப்பை வைத்துக்கொண்டு அப்பா கட்டிலுக்குப் பக்கத்திலேயே வேலை.

இந்தியாவில் எத்தனை நாள் என்று எக்செல்லில் போட்டேன்:

```
=DATE(2024,3,31)-DATE(2023,9,20)
```

193 வந்தது. டிசம்பர் 20 இரவு கிளம்பி ஜனவரி 1 விடிகாலை இறங்கினேன், அதனால் நடுவில் முழுதாக இல்லாத நாள் 11. மிச்சம் 182. அப்பாடா, 182 வரை என்ஆர்ஐதான் என்று நிம்மதியாக இருந்தேன். லண்டன் பக்கம் 183-ஐத் தொடவே இல்லை. இருந்தும் அங்கேயும் ரெசிடென்ட். மீதியை நாளைக்கு எழுதுகிறேன், கண் சொக்குகிறது.

ஹாரோவாசி | 13 ஜூன் 2024

நேற்று எழுதியதில் ரெண்டு தப்பு. என் ஆடிட்டரே போனில் சிரித்துவிட்டார்.

ஒன்று: தேதியைத் தேதியிலிருந்து கழித்தால் முதல் நாள் விட்டுப்போகும். +1 போட வேண்டும். அப்போது 194, அதில் 11 போக 183.

ரெண்டு: 182 வரை என்ஆர்ஐ என்பதே தப்பு. சட்டத்தில் "182 நாள் அல்லது அதற்கு மேல்" இருந்தால் ரெசிடென்ட். அதாவது 181 வரைதான் தப்பிக்கலாம். இத்தனை வருஷம் ஊரில் எல்லோரும் 182, 182 என்று சொல்வதைக் கேட்டே மனசில் பதிந்துவிட்டது.

இதில் 2024 பிப்ரவரிக்கு 29 நாள் வேறு. நாலு வருஷத்துக்கு ஒரு முறை வருகிறது, அதுவும் என் கணக்கில்தான் வந்து உட்கார வேண்டுமா?

பீளமேட்டான் | 13 ஜூன் 2024

சரிங்க, இந்தியப் பக்கம் 183. அப்படியென்றால் லண்டன் பக்கம் 182-க்கு மேல் இருக்கவே முடியாதே? என் கணக்கு இன்னும் நிற்கிறது.

ஹாரோவாசி | 14 ஜூன் 2024

நிற்கவில்லை. லண்டன் வரி ஆண்டு ஏப்ரல் 6-ல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5-ல் முடியும். நம்முடையது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31. அந்த ஐந்து நாள் வித்தியாசம் சின்னதுதான். எண்ணுகிற முறையும் வேறு. லண்டனில் நள்ளிரவு 12 மணிக்கு நாட்டுக்குள் இருந்தால்தான் அது ஒரு நாள். செப்டம்பர் 19 இரவு நான் வானத்தில் இருந்தேன், அதனால் அது சேராது. ஏப்ரல் 6 முதல் செப்டம்பர் 18 வரை 166 இரவு, டிசம்பரில் 10 இரவு. மொத்தம் 176.

183 + 176 = 359. உங்கள் 365-க்கே வரவில்லை, ஆனாலும் ரெண்டு பக்கமும் ரெசிடென்ட். ஏனென்றால் லண்டனில் 183 என்பது பல வாசல்களில் ஒரு வாசல்தான். அங்கே 2013 ஏப்ரலிலிருந்து சட்டமாகவே ஒரு சோதனை இருக்கிறது. முந்தைய மூன்று வருஷத்தில் ஒரு வருஷமாவது ரெசிடென்டாக இருந்தவர் 120 நாளுக்கு மேல் தங்கினால், அந்த நாட்டோடு ஒரே ஒரு பிணைப்பு இருந்தாலே போதும். மனைவியும் சின்ன வயசுக் குழந்தையும் அங்கே இருந்தால் அது ஒன்று. தங்க வீடு இருந்தால் ஒன்று. வேலை ஒன்று. போன ரெண்டு வருஷத்தில் ஏதாவது ஒன்றில் 90 நாளுக்கு மேல் இருந்திருந்தால் அதுவும் ஒன்று. எனக்கு நாலும் இருக்கிறது. நாள் 50-ஆகக் குறைந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டார்கள். 46-லிருந்து 90 வரை மூணு பிணைப்பு கேட்பார்கள், அதையும் தாண்டி வைத்திருக்கிறேன்.

தேரா பாய் | 14 ஜூன் 2024

அண்ணே, நான் துபாய்ல 14 வருஷமா இருக்கேன். இங்க வருமான வரியே கிடையாது. அப்ப நான் எந்த நாட்டுக்கும் ரெசிடென்ட் இல்லையா? இந்தியாவுல திடீர்னு நான் ரெசிடென்ட்னு சொல்லிருவாங்கன்னு ஒருத்தர் யூடியூப்ல பயமுறுத்துறாரு. மதுரையில வீட்டு வாடகை வருசம் 4 லட்சம் வருது.

பழைய கணக்காளர் | 15 ஜூன் 2024

துபாய் தம்பிக்கு முதல்ல. அந்த வீடியோவில சொன்னது பொய்யில்லை, ஆனா அது உங்களுக்கில்லை. 2020-21 நிதியாண்டிலயிருந்து, வேற எந்த நாட்டிலயும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகன், ஒரு நாள்கூட இந்தியாவில நிக்காட்டிலும் ரெசிடென்ட் எண்டு வைச்சுக்கொள்ளுவினம். ஆனா அவருக்கு வெளிநாட்டு மூலத்தை விட்டு மிச்ச வருமானம் 15 லட்சத்துக்கு மேல இருக்கவேணும். உங்களுக்கு 4 லட்சம். நித்திரை கொள்ளுங்கோ.

இனி ஹாரோ தம்பிக்கு. நான் யாழ்ப்பாணம், குரோய்டனில முப்பது வருசம் கணக்கு எழுதின ஆள். உங்கட விடை சரி, வந்த வழி பிழை. பிணைப்பு வரைக்கும் போகவே தேவையில்லை. முதல்ல வெளியில தள்ளுற சோதனைகள், பிறகு உள்ளுக்கு இழுக்கிற சோதனைகள், ரெண்டிலயும் முடிவு வராட்டித்தான் பிணைப்பை எண்ணவேணும். உள்ளுக்கு இழுக்கிறதில முழுநேர வேலை எண்டு ஒண்டு இருக்கு. வரி ஆண்டைக் கொஞ்சமாவது தொடுற ஏதாவது ஒரு 365 நாளை எடுத்துப் பாக்கலாம். உதாரணத்துக்கு 2022 ஜூன் தொடக்கம் 2023 மே முடிய எடுங்கோ. அந்தக் காலம் முழுக்க லண்டன் கந்தோரிலதானே இருந்தனீங்கள்? அப்ப 2023-24-க்கு அங்கேயே கதை முடிஞ்சுது. 176 எண்டு விரல் மடிச்சது வீண் வேலை.

ஹாரோவாசி | 15 ஜூன் 2024

ஐயா, அந்த 176-க்காக மூணு வருஷத்துப் போர்டிங் பாஸைத் தேடி ஜிமெயிலைக் கிண்டியவன் நான்.

வீண் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஹீத்ரோவில் வெளியேறும்போது முத்திரை குத்துவதே கிடையாது, உள்ளே வரும்போது என் இந்தியப் பாஸ்போர்ட்டில் எப்போதோ ஒருமுறைதான். சென்னை முத்திரைகளை வைத்துத்தான் ரெண்டு பக்கக் கணக்கையும் கட்டினேன். 2022-ல் வந்துபோனதில் ஒரு முத்திரை மை தெளியாமல் 8-ஆ 3-ஆ என்றே தெரியவில்லை. பயணச்சீட்டு மின்னஞ்சல் இருந்ததால் பிழைத்தேன்.

டல்லாஸ் அம்மிணி | 18 ஜூன் 2024

நடுவுல வர்றதுக்குக் கோவிச்சுக்காதீங்க. எங்க மாமியார் ஈரோடு. வருசா வருசம் விசிட்டர் விசாவுல வந்து அஞ்சு மாசம் பேரப் பசங்களோட இருந்துட்டுப் போவாங்க. மூணு வருசமா கணக்கா 150 நாள். ஆறு மாசம் தாண்டாம பாத்துக்கறோம். இங்க வேலை எதுவும் பாக்கலை, சமையல் தவிர. அவுங்களுக்கு இதெல்லாம் ஒட்டாதுங்களே? இந்தத் திரியைப் படிச்சதுல இருந்து வயித்தைக் கலக்குது.

பழைய கணக்காளர் | 18 ஜூன் 2024

ஒட்டும் அம்மா. விசிட்டர் விசா நாளும் எண்ணிக்கையில சேரும். அமெரிக்காவில இந்த வருசத்து நாள் முழுசா, போன வருசத்தில மூண்டிலொண்டு, அதுக்கு முதல் வருசத்தில ஆறிலொண்டு. மாமிக்கு 150, 50, 25. கூட்டினா 225. 183 வந்தாலே வரிக்கு ரெசிடென்ட். வருசத்துக்கு 122 நாள்படி மூண்டு வருசம் வந்தாலே கோடு தட்டும், அதால ஆறு மாசத்தைத் தாண்டாம இருக்கிறம் எண்டது கணக்கில்லை. ஈரோட்டில ஏழு மாசம் நிண்டா அங்கயும் ரெசிடென்ட்.

ஆனா பயப்பட வேண்டாம். இந்த வருசத்தில 183 நாளுக்குக் குறைய நிண்டு, வீடு வாசல் எல்லாம் ஈரோடு எண்டா, நெருங்கின தொடர்பு வேற நாட்டோட எண்டு ஃபாரம் 8840 போட்டு விலகலாம். அதைப் போடாம விடுறதுதான் ஆக்கள் செய்யிற பிழை.

டல்லாஸ் அம்மிணி | 18 ஜூன் 2024

அவுங்களுக்கு ஈரோட்டுல ரெண்டு கடை வாடகை வருது. அதையும் இங்க காட்டோணுமா? இருங்க, வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு வர்றேன். மாமியார்கிட்ட இதை யார் சொல்றதுங்கறதுதான் பெரிய பிரச்சினை.

பீளமேட்டான் | 20 ஜூன் 2024

கூட்டல் கணக்கு போச்சு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரி ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறதே? ரெண்டு நாடும் கையெழுத்துப் போட்டிருந்தால், ஒப்பந்தப்படி ஒரு நாட்டுக்காரர் ஆனவர் இன்னொன்றில் நான்-ரெசிடென்ட் ஆகிவிடுவார். அதோடு விஷயம் முடிந்தது இல்லையா?

இன்னொன்று. இப்போது 182 இல்லை, 120 நாள்தான் என்றும் சொல்கிறார்களே.

ஹாரோவாசி | 21 ஜூன் 2024

முதல் கேள்வியில் நானும் மாட்டினேன். ஆடிட்டர் ஒரு மணி நேரம் புரியவைத்தார்.

இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் 1993-ல் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. ரெண்டு பக்கமும் ரெசிடென்ட் ஆனவரை யாருக்கு என்று ஒதுக்க அதில் படிப்படியாக ஒரு வழி. முதல் படி, நிலையான வீடு எங்கே? ஹாரோ வீடு கடனில் வாங்கியது, மனைவி மகள் அதில்தான் இருக்கிறார்கள். சிக்கல் கோவையில். அப்பா வீட்டு மாடியில் எனக்கென்று ஒரு அறை, என் துணி, என் பழைய பைக் சாவி உட்பட எல்லாம் இருபது வருஷமாக அப்படியே இருக்கிறது. சொந்தப் பெயரில் இல்லாவிட்டாலும், எப்போது போனாலும் எனக்கு இருக்கிற இடம் அது. அது "எனக்குக் கிடைக்கும் நிலையான வீடு" ஆகுமா? ஆகும் என்கிறார் ஆடிட்டர். அப்பா வீடு மகனுக்கு விருந்தாளி வீடுதான் என்கிறார் அவருடைய ஜூனியர். நம்ம ஊரில் போய் அந்த வார்த்தையைச் சொன்னால் அம்மா செருப்பெடுப்பார்.

ஆகாது என்றால் வீடு ஹாரோவில் மட்டும், நான் பிரிட்டன்காரன். ஆகும் என்றால் ரெண்டாம் படி, சொந்தமும் பொருளாதாரமும் எந்த நாட்டோடு நெருக்கம்? மனைவி, மகள், வேலை, பென்ஷன், வீட்டுக்கடன் எல்லாம் இங்கே. அங்கே பெற்றோர், ஒரு ஃபிளாட், கொஞ்சம் டெபாசிட். இதிலும் லண்டன். எந்த வழியில் போனாலும் ஒரே இடம் என்பதால் எனக்கு அந்தச் சண்டை தேவைப்படவில்லை. மனைவியும் கோவைக்கு வந்திருந்தால் பெரிய தலைவலி. அதிலும் முடிவு வராவிட்டால் வழக்கமாக எங்கே வசிக்கிறார், பிறகு எந்த நாட்டுக் குடிமகன், கடைசியில் ரெண்டு நாட்டு அதிகாரிகளும் உட்கார்ந்து பேசுவது.

120 நாள் கேள்விக்கு ஐயா வரட்டும். எனக்கு அரைகுறைதான்.

பழைய கணக்காளர் | 22 ஜூன் 2024

பீளமேட்டுத் தம்பி சொன்னதிலதான் எங்கட ஆக்கள் பாதிப்பேர் விழுறது. ஒப்பந்தத்தில லண்டனுக்கு ஒதுக்கினா, இந்தியாவில நான்-ரெசிடென்ட் ஆகிறேல்லை. இந்தியச் சட்டத்தில நீங்கள் ரெசிடென்ட், ரெசிடென்டாத்தான் ரிட்டர்ன் போடவேணும். ஒவ்வொரு வருமானத்திலயும் இந்தியா எவ்வளவு எடுக்கலாம் எண்டதை மட்டும் ஒப்பந்தம் கட்டுப்படுத்தும். நாள் எண்ணிக்கையை அழிக்கிற ரப்பர் இல்லை அது.

120 நாள். வெளிநாட்டில இருக்கிற இந்தியர் ஊருக்கு வந்து நிண்டா, இந்தியப் பக்க வருமானம் 15 லட்சத்துக்கு மேல இருந்தாத்தான் அந்த 120. அதோட விடாம, முந்தின நாலு வருசத்தில மொத்தம் 365 நாளாவது இந்தியாவில நிண்டிருக்கவும் வேணும். இந்த ரெண்டாவது பாதியை ஒருத்தரும் சொல்லுறேல்லை. ஹாரோ தம்பி, நாலு வருசத்தில எத்தினை நாள் நிண்டனீங்கள்?

ஹாரோவாசி | 22 ஜூன் 2024

மொத்தம் 150-க்குப் பக்கம். அப்படியானால் 120 எனக்கு இல்லை. 182 என்ற கோடு மட்டும்தான்.

பழைய கணக்காளர் | 23 ஜூன் 2024

கேட்டதுக்கு ஒரு காரணம் இருக்கு. கோயம்புத்தூரில இருந்து கணினியில வேலை செய்த மாதங்களுக்கான சம்பளம், லண்டன் வங்கியில விழுந்தாலும், வேலை நடந்தது இந்தியாவில. இந்தியச் சட்டப்படி அது இந்திய வருமானம். நான்-ரெசிடென்ட் எண்டாலும் அது அப்பிடித்தான். அந்தத் தொகை எவ்வளவு?

ஹாரோவாசி | 23 ஜூன் 2024, நள்ளிரவு

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆபீஸ் எச்ஆர் "எங்கிருந்து வேலை பார்த்தாலும் பரவாயில்லை" என்றார், அவ்வளவுதான்.

மாதம் 5,000 பவுண்ட். ஏறக்குறைய ஐந்து மாதம், 25,000 பவுண்ட். ரூபாயில் 26 லட்சம் சொச்சம். லண்டனில் மாதாமாதம் வரி பிடித்துவிட்டார்கள். இப்போது கோவையிலும் கட்டணுமா? தூக்கம் போய்விட்டது, நன்றி.

பழைய கணக்காளர் | 24 ஜூன் 2024

கொஞ்சம் பொறுங்கோ. இதிலதான் ஒப்பந்தம் கை குடுக்கும். லண்டனுக்கு ஒதுக்கின ஆள் இந்தியாவில செய்த வேலைக்கு, மூண்டு விஷயம் சேந்து இருந்தா இந்தியா வரி கேக்கேலாது. அந்த நிதியாண்டில இந்தியாவில நிண்டது 183 நாளைத் தாண்டக்கூடாது. சம்பளம் குடுத்தவர் இந்தியாவில ரெசிடென்ட் இல்லாதவரா இருக்கவேணும். அந்தச் சம்பளத்தை இந்தியாவில வரி கட்டுற எந்த நிறுவனமும் செலவாக் கழிக்கக்கூடாது. உங்கட கொம்பனிக்கு அங்க கிளை ஏதும் இருக்கோ?

ஹாரோவாசி | 24 ஜூன் 2024

இல்லை. கம்பெனி லண்டனில் மட்டும்தான்.

183-ஐத் தாண்டக்கூடாது. நான் இருந்தது 183. தாண்டவில்லை!

பிப்ரவரி 29-ஐத் திட்டியதை வாபஸ் வாங்கவில்லை. அது இல்லாமல் இருந்தால் மூச்சு விட ஒரு நாள் இடம் இருந்திருக்கும். ஜனவரி 1-க்குப் பதில் டிசம்பர் 31 வந்திருந்தால் 184. அன்றைக்கு டிக்கெட் விலை 90 பவுண்ட் கூட என்பதால்தான் தள்ளிப் போட்டேன். வாழ்க்கையில் கஞ்சத்தனம் கை கொடுத்த ஒரே சந்தர்ப்பம்.

பழைய கணக்காளர் | 24 ஜூன் 2024

184 எண்டாலும் வானம் இடிஞ்சு விழாது. இந்தியா வரி எடுக்கும், அதை லண்டன் ரிட்டர்னில கழிச்சுக்கொள்ளலாம். ஆனா ரெண்டு ஆண்டுக்கும் சம்பளத்தைப் பிரிச்சு, காசு கட்டினதுக்கு அத்தாட்சி வாங்கி, மாரடிக்கவேணும்.

ஹாரோவாசி | 9 ஜூலை 2024

இன்னொரு குழப்பம். ஆடிட்டரின் ஜூனியர் (அதே ஆள், விருந்தாளி புகழ்) சொல்கிறார்: இந்தியாவில் இறங்கிய நாளை எண்ணக்கூடாது என்று சில தீர்ப்புகள் இருக்கின்றன. எனக்கு இறங்கிய நாள் ரெண்டு, செப்டம்பர் 20-ம் ஜனவரி 1-ம். கழித்தால் 181. அப்படியானால் நான் நான்-ரெசிடென்ட், இவ்வளவு பேசியதும் வேண்டாம்.

பெரியவர் ஒப்பவில்லை. வந்த நாள், போன நாள் ரெண்டையுமே எண்ணச் சொன்ன முடிவுகளும் இருக்கின்றன, துறை அதைத்தான் பிடித்துக்கொள்ளும், ஒரு நாள் வித்தியாசத்தில் வழக்கு நடத்த உனக்கு என்ன லாபம் என்கிறார். லாபம் இல்லைதான். பத்து வருஷத்துக்கு மேல் நான்-ரெசிடென்டாக இருந்தவன் என்பதால் ரெசிடென்ட் ஆனாலும் நான் ஆர்என்ஓஆர், அதாவது சாதாரண ரெசிடென்ட் இல்லை. லண்டனில் வேலை பார்த்த மாதங்களின் சம்பளம், லண்டன் டெபாசிட் வட்டி எதையும் இந்தியா தொடாது. 183-ஆ 181-ஆ என்பதில் எனக்கு வரி ஒரு ரூபாய் மாறவில்லை. இதே 183 வேறொருவருக்கு, ஊரோடு ஆறேழு வருஷம் இருந்துவிட்டுப் போய்த் திரும்பியவருக்கு, உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இந்தியாவில் காட்டு என்று ஆகியிருக்கும்.

பீளமேட்டான் | 10 ஜூலை 2024

அப்போ வந்த நாளைச் சேர்க்கணுமா, வேண்டாமா?

ஹாரோவாசி | 10 ஜூலை 2024

அதைத்தானே ரெண்டு ஆடிட்டர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். 185-ம் 170-ம் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். என் மாதிரி ஆட்களுக்குத்தான் அந்தக் கேள்வி. நான் சேர்த்துத்தான் போட்டேன்.

ஹாரோவாசி | 2 ஆகஸ்ட் 2024

ஜூலை 28-ல் ரிட்டர்ன் போட்டாயிற்று, ஆர்என்ஓஆர் என்று. நான் அங்கே ரெசிடென்ட் என்று லண்டன் வரித்துறையிடம் சான்றிதழ் கேட்டு வாங்கி, ஒப்பந்தச் சலுகைக்கான 10F படிவத்தையும் ஆன்லைனில் ஏற்றினோம்.

பணம் உண்மையில் மாட்டிக்கொண்ட இடம் சம்பளம் இல்லை, வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர் வங்கியில் வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்கின் டெபாசிட். வட்டி 3 லட்சம். வங்கி 31.2 சதவீதம் பிடித்தது, 93,600. ஒப்பந்தப்படி இந்தியா எடுக்கக்கூடியது 15 சதவீதம், 45,000. லண்டன் ரிட்டர்னில் முழு 93,600-ஐயும் கழிக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய கணக்காளர் | 2 ஆகஸ்ட் 2024

கழிக்கேலாது. இந்தியாவுக்கு உரிமையில்லாத மிச்ச 48,600-ஐ லண்டன் ஏன் பொறுக்கவேணும்? அதை இந்தியாவிட்ட ரிட்டர்ன் போட்டுத்தான் திருப்பி வாங்கவேணும். ஸ்லாப்பில உங்கட வரி 45,000-இலும் குறைவெண்டா, அந்தக் குறைஞ்ச தொகைதான் லண்டனிலயும் கழியும். வருசா வருசம் ஒரு பத்துப் பேராவது 31.2 முழுசையும் போட்டுக்கொண்டு என்னட்ட வருவினம். அடுத்த வருசம் வட்டி போடமுதலே சான்றிதழையும் 10F-ஐயும் வங்கியில குடுங்கோ.

ஹாரோவாசி | 5 ஆகஸ்ட் 2024

கொடுத்தேன். கிளையில் இருந்தவர் இதை வாங்க ஸ்கிரீனில் இடமே இல்லை என்றார். மூன்று நடைக்குப் பிறகு மச்சான் கூடப் போய் நின்றான், இடம் வந்துவிட்டது.

அதே கிளையில் "183 நாள் இருந்துட்டீங்க, கணக்கை எல்லாம் சாதாரணக் கணக்கா மாத்திடணும்" என்று வேறு ஒரு குண்டு. அது வருமான வரி நாள் இல்லை, அந்நியச் செலாவணிச் சட்டம். அங்கே எதற்காக வந்து தங்கினாய் என்பதையும் பார்ப்பார்கள். அப்பாவைப் பார்க்க வந்து திரும்பிப் போனவன் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரே ஆள் ஒரே நாட்டுக்குள்ளேயே ரெண்டு சட்டத்துக்கு ரெண்டு விதமாக இருக்க முடியும்போது, ரெண்டு நாட்டில் ரெசிடென்ட் ஆவதில் என்ன அதிசயம்.

டல்லாஸ் அம்மிணி | 19 நவம்பர் 2024

மாமியார் விசயம் ஆச்சுங்க. 8840 போட்டோம். அவுங்ககிட்ட சொன்னப்போ, "நான் சோறாக்கிப் போட்டதுக்கு இவனுங்க என்னடி வரி கேக்கறது"ன்னாங்க. இந்தத் தடவை மூணு மாசத்துலயே கெளம்பிட்டாங்க. பசங்கதான் பாவம்.

பீளமேட்டான் | 3 பிப்ரவரி 2025

இந்தத் திரியைத் தொடங்கியவன் நான்தான் என்பதால் பாக்கியைச் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் நண்பரிடம் ஒருவழியாகத் தேதிகளை வாங்கினேன். கம்பெனி அவரை லண்டனுக்கு புராஜெக்டுக்கு அனுப்பியிருக்கிறது. ஒரே வரி ஆண்டில் அங்கே 140 இரவு, இங்கே 225 நாள். குடும்பம் சிங்காநல்லூரில். முன்பு அங்கே போனதே இல்லை.

நானே போட்டுப் பார்த்தேன். இங்கே 225, சந்தேகமே இல்லை. அங்கே புதிதாகப் போனவர் 120 நாளைத் தாண்டினால் ரெண்டு பிணைப்பு போதும். கம்பெனி கொடுத்த ஃபிளாட் மூணு மாதத்துக்கு மேல் அவருக்கென்று இருந்தது, அது ஒன்று. 40 நாளுக்கு மேல் வேலை பார்த்தது, அது ஒன்று. 183 பக்கமே போகாமல் ரெண்டு நாட்டிலும் ரெசிடென்ட். ஆக அவர் புலம்பியது சரி, நான்தான் எட்டு மாதமாக அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குத்தான் வருவார். 140 நாள் 183-க்குள். சம்பளம் கோவை ஆபீஸ் கொடுத்தது. அப்படியானால் லண்டனில் வரி இல்லை. சரியா ஐயா?

பழைய கணக்காளர் | 4 பிப்ரவரி 2025

நல்லாப் போட்டிருக்கிறியள். ஒரு கேள்விதான் மிச்சம். உங்கட கொம்பனிக்கு லண்டனில கிளை இருக்கோ? அந்த நாலரை மாதச் சம்பளத்தைக் கோயம்புத்தூர் ஆபீஸ் குடுத்திட்டு, பிறகு கிளைக்கு பில் போட்டதோ? போட்டிருந்தா லண்டன் விடாது.

பீளமேட்டான் | 4 பிப்ரவரி 2025

கிளை இருக்கிறது. பில் போட்டார்களா என்று ஃபைனான்சில் கேட்டிருக்கிறோம். "யாருக்குத் தெரியணும், எதுக்கு?" என்று திருப்பிக் கேட்டு மெயில் வந்திருக்கிறது.